இரண்டு நிமிஷத்துக்கு மேல் யோசித்தால்...

"ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அதிகபட்சம் 2 நிமிடங்கள் மட்டுமே அனுமதிக்கப்படும். முதல் முறை மீறினால் எச்சரிக்கை. இரண்டாம் முறை மீறினால் எதிராளிக்கு 2 நிமிடங்கள் கூடுதலாக வழங்கப்படும். மூன்றாம் முறை, ஆட்டம் எதிராளிக்கு."

கல்லூரிகளுக்கு இடையிலான செஸ் போட்டிக்குப் பத்து நாள் முன்னாடி எங்கள் டீமுக்கு வந்த கடிதம் இது. கீழே போட்டி இயக்குநர் கையெழுத்து, பச்சை மையில், ரப்பர் ஸ்டாம்போடு. போட்டியை நடத்துகிற கல்லூரியின் பிசிக்கல் டைரக்டர்தான் இயக்குநர். கபடியும் வாலிபாலும் நடத்திப் பழகியவர். அவர் கோபத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. முந்தின வருஷம் ஒரே ஒரு போர்டில் ஒரு புண்ணியவான் ரெண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். மீதி நாற்பத்தாறு பேரும் கேன்டீன் வாசலில் டீ குடித்துக் குடித்து அலுத்துப் போனார்களாம்.

செஸ் ஆடாதவர்களுக்கு இது புரியாது. ஒரு போர்டு லேட்டானால் மற்றவர்கள் அடுத்த சுற்றை ஆட வேண்டியதுதானே? முடியாது பாஸ். இந்த மாதிரிப் போட்டிகள் 'ஸ்விஸ்' முறையில் நடக்கும். யாரும் அவுட் ஆவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட சம பாயின்ட் வைத்திருப்பவர்களை மோத விடுவார்கள். அதனால் கடைசி ஆட்டம் முடிந்து, அந்த அரை பாயின்டோ முழு பாயின்டோ கைக்கு வந்தால்தான் அடுத்த சுற்றின் ஜோடிகளைப் போட முடியும். ஒருத்தர் யோசித்தால் மொத்த ஹாலும் காத்திருக்க வேண்டும்.

சரி, கடிதம் நியாயம்தானே என்று எங்கள் டீமில் ரெண்டு பேர் சொன்னார்கள். மூணாம் போர்டு ஆடுகிறவன் மட்டும் முகம் வெளுத்துப் போனான். எங்கள் டீமிலேயே நிதானமானவன் அவன். அவன் ஜெயித்த ஆட்டங்களை எல்லாம் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். முப்பத்தைந்து நகர்த்தல்களைப் பட்பட்டென்று ஆடியிருப்பான், ஒரே ஒரு இடத்தில் எட்டு நிமிஷம் உட்கார்ந்திருப்பான். ஆட்டத்தை ஜெயிப்பது அந்த எட்டு நிமிஷம்தான்.

"மச்சான், நான் இந்த தடவை வரல. என் இடத்துல ஜூனியரைப் போட்டுக்கோ" என்றான். டீம் கேப்டன் என்கிற முறையில் எனக்கு அதுதான் பெரிய தலைவலி. அவன் இல்லாமல் போவதும் போகாமல் இருப்பதும் ஒன்று.

அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கடிதத்தின் பின் பக்கத்தில் சுற்றுகளின் அட்டவணை இருந்தது. ஒரே நாளில் ஐந்து சுற்று, சுற்றுக்கு ஒரு மணி நேரம். மாலை ஐந்து மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டும். அந்த அட்டவணையையும் முன் பக்கத்து விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று ஒத்துப் போகவில்லை!

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமாரான ஆட்டம் என்றால் ஆளுக்கு நாற்பது நகர்த்தல். ரெண்டு பேருக்கும் சேர்த்து எண்பது. ஒவ்வொன்றுக்கும் ரெண்டு நிமிஷம் என்றால் 160 நிமிஷம். அதாவது, ரெண்டு பேரும் விதியை ஒரு செகண்டு கூட மீறாமல் தங்கப் பிள்ளைகளாக ஆடினாலும் ஆட்டம் ரெண்டே முக்கால் மணி நேரத்தை நெருங்கலாம். முந்தின வருஷத்து புண்ணியவானையே இது மிஞ்சி விடும்!

சரி, ரெண்டு நிமிஷத்தைக் குறைத்து நாற்பத்தைந்து செகண்டு ஆக்கினால்? எண்பது நகர்த்தலுக்கு சரியாக ஒரு மணி நேரம். ஆனால், ஆட்டம் நாற்பதில் முடியும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? அறுபது நகர்த்தல் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகி விடும். நகர்த்தலுக்கு இவ்வளவு என்று நேரம் கொடுத்தால், மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது எத்தனை நகர்த்தல் போகிறது என்பதைப் பொறுத்தது. அது யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. அதே ஒரு மணி நேரத்தை ஆளுக்கு முப்பது நிமிஷம் என்று மொத்தமாகக் கொடுத்து, 'உன் பாட்டுக்கு செலவு பண்ணிக்கோ, தீர்ந்தால் தோல்வி' என்று சொல்லி விட்டால், இருபது நகர்த்தலோ இருநூறோ, அறுபதாவது நிமிஷம் ஆட்டம் முடிந்தே தீரும்.

பாக்கெட் மணி மாதிரிதான். மாசத்துக்கு ஆயிரம் என்று கொடுத்தால், ஒரு வாரம் கேன்டீன் பக்கமே போகாமல் இருந்து, ஒரு நாள் பிரியாணி சாப்பிடலாம். தினமும் முப்பது ரூபாய், செலவழிக்காவிட்டால் சாயந்திரம் பிடுங்கிக்கொள்வேன் என்றால்? எவனும் மிச்சம் பிடிக்க மாட்டான். நகர்த்தலுக்கு ரெண்டு நிமிஷம் என்கிற விதியிலும் இதேதான் நடக்கும். எதிராளி என் குதிரையை வெட்டினால் நான் திருப்பி வெட்ட ரெண்டு செகண்டு போதும். மிச்சம் ஒரு நிமிஷம் ஐம்பத்தெட்டு செகண்டு எங்கே போகும்? காற்றோடு. அதை எடுத்து வைத்துக்கொண்டு நிஜமாக யோசிக்க வேண்டிய இடத்தில் செலவழிக்க வழி இல்லை.

இதை விட மோசம் ஒன்று உண்டு. தோற்கப் போகிறோம் என்று தெரிந்த ஆள் என்ன செய்வான்? ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு நிமிஷம் ஐம்பது செகண்டு உட்காருவான். விதிப்படி அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. எதிரே ஜெயிக்கப் போகிறவன் எரிச்சலில் ஏதாவது சொதப்பினால் லாபம். வேண்டுமென்றே இழுக்கிறவனை இந்தக் கடிதம் தொடவே தொடாது. ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை நேர்மையாக யோசிக்கிறவன்தான் மாட்டுவான்.

அந்த ரெண்டாம் தண்டனையைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பே வந்து விட்டது. எதிராளிக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலாம். எதில் கூட்டுவது? அனுபவமான ஆட்டக்காரர்களுக்கு இது எங்கிருந்து வந்த வரி என்று உடனே தெரியும். சர்வதேச செஸ் கூட்டமைப்பின் விதிகளில், தவறான நகர்த்தல் செய்தால் எதிராளியின் கடிகாரத்தில் ரெண்டு நிமிஷம் ஏற்றுவார்கள். அங்கே எதிராளிக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதில் வரவு வைக்கலாம். நகர்த்தலுக்கு ரெண்டு நிமிஷம் என்கிற இடத்தில் யாருக்கும் கணக்கே கிடையாது. பேங்க் அக்கவுன்டே இல்லாதவனுக்கு டெபாசிட் போடுகிற கதை!

இந்தச் சண்டை புதுசு இல்லை. 1851-ல் லண்டனில் நடந்ததுதான் முதல் சர்வதேச செஸ் போட்டி. அங்கே நேரக் கட்டுப்பாடே இல்லை. எலைஜா வில்லியம்ஸ் என்கிற இங்கிலாந்து ஆட்டக்காரர் யோசித்துக்கொண்டே இருப்பாராம். அவரிடம் மூணாம் இடத்தைப் பறிகொடுத்த ஹோவர்ட் ஸ்டான்டன் அதைப் பற்றிப் புலம்பித் தள்ளி விட்டார். (தோற்றவர் சொல்வதைக் கொஞ்சம் உப்பு சேர்த்துத்தான் கேட்க வேண்டும் என்பது வேறு விஷயம்.) 1853-ல் ஹார்விட்ஸ் - லோவன்தால் மோதலில் எங்கள் இயக்குநர் செய்ததையே செய்து பார்த்தார்கள். நகர்த்தலுக்குப் பத்து நிமிஷம், அளக்க ஒரு மணல் கடிகாரம். எட்டே வருஷத்தில், 1861-ல் ஆண்டர்சன் - கோலிஷ் மோதலில் யோசனை மாறி விட்டது. ஒவ்வொரு நகர்த்தலையும் அளக்காமல், இருபத்து நாலு நகர்த்தலுக்கு ரெண்டு மணி நேரம் என்று கொத்தாகக் கொடுத்தார்கள். அதற்குள் எதற்கு எவ்வளவு என்பது ஆடுகிறவன் இஷ்டம். அப்புறம் 1883 லண்டன் போட்டியில், ஒன்றை நிறுத்தினால் மற்றது ஓடுகிற இரட்டைக் கடிகாரம் வந்தது. இன்றைக்கு டிஜிட்டல் கடிகாரங்களில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து, முப்பது செகண்டு தானாக ஏறுகிறதே, அந்த முறையில் ஒரு கடிகாரத்துக்கு பாபி ஃபிஷர் 1989-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அதிலும் மொத்தக் கணக்குதான் அடிப்படை. ஏறுகிற செகண்டுகள், கடைசி நேரத்தில் காயை நகர்த்தவே நேரமில்லாமல் தோற்காமல் இருப்பதற்கு.

நகர்த்தலுக்கு இவ்வளவு என்கிற முறை செத்துப் போய் விடவில்லை. ஜப்பானில் 'கோ' ஆட்டத்தில் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால், அங்கே முதலில் மொத்த நேரம் கொடுத்து விடுவார்கள். அது தீர்ந்த பிறகுதான் நகர்த்தலுக்கு முப்பது செகண்டு, ஒரு நிமிஷம் என்று ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து செகண்டுகளை வாய்விட்டு எண்ணுவார். அதாவது ஒரு போர்டுக்கு ஒரு ஆள்! எங்கள் போட்டியிலோ இருபத்து நாலு போர்டுக்கு ரெண்டு நடுவர்கள், கையில் ரிஸ்ட் வாட்ச். பதினேழாம் போர்டில் ஒருத்தன் எப்போது யோசிக்க ஆரம்பித்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எதிரே இருக்கிறவன் கையைத் தூக்கிப் புகார் சொன்ன பிறகுதான் அளக்கவே முடியும்.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் மூணாம் போர்டையும் இழுத்துக்கொண்டு போனேன். கிரவுண்டில் வலை கட்டிக்கொண்டிருந்தார் இயக்குநர். வெயிலில் நின்றபடியே படித்தார். 160 என்கிற இடத்தில் நின்று, வாய்க்குள்ளேயே பெருக்கிப் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா, ஆளுக்கு முப்பது நிமிஷம்னா ஒவ்வொரு போர்டுக்கும் கடிகாரம் வேணுமே. என்கிட்ட மொத்தம் ஒன்பதுதான் இருக்கு. அதுலயும் ஒண்ணு சாவி குடுத்தா நிக்கும்."

"சார், எல்லார் போன்லயும் செஸ் கடிகாரம் ஆப் போட்டுக்கலாமே?" என்றான் எங்கள் ஆள்.

"போன் ஹாலுக்குள்ள வரவே கூடாது. போனை டேபிள்ல வச்சா எவன் என்ன பார்க்குறான்னு நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

அது நூற்றுக்கு நூறு சரி. செஸ் புரோகிராம் இருக்கிற போனைப் போர்டு பக்கத்தில் வைப்பதும், பரீட்சை ஹாலில் நோட்ஸை விரித்து வைப்பதும் ஒன்றுதான்.

எட்டுக் கடிகாரத்தை வைத்து இருபத்து நாலு போர்டை எப்படி ஓட்டுவது? இதற்கு மாவட்டப் போட்டிகளில் பழகிப்போன ஒரு வழி உண்டு. எல்லாரும் முதலில் கடிகாரம் இல்லாமல் ஆடட்டும். பாதிக்கு மேல் ஆட்டங்கள் அரை மணி நேரத்துக்குள் தானாகவே முடிந்து விடும். நாற்பதாவது நிமிஷத்தில் முடியாமல் இருக்கிற போர்டுகளில் மட்டும் கடிகாரம் வைத்து, ஆளுக்குப் பத்து நிமிஷம். நாற்பதும் இருபதும் அறுபது. சுற்று நேரத்துக்கு முடிந்து விடும்.

இயக்குநர் உடனே ஓட்டையைப் பிடித்தார். "அப்போ முதல் நாப்பது நிமிஷத்துல ஒருத்தன் முப்பது நிமிஷத்தைத் தின்னுட்டா? அவனுக்கும் பத்து, அடுத்தவனுக்கும் பத்தா? எந்த ஊரு நியாயம்?"

செஸ் ஆடாத மனுஷர் கேட்ட இந்தக் கேள்வி, எங்களுக்குத் தோன்றாதது. அங்கேயே வாலிபால் வலைக் கம்பத்தில் சாய்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முதல் நாற்பது நிமிஷத்தில் யாராவது ஒரே நகர்த்தலுக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் எடுத்தால், எதிராளி சத்தம் போடாமல் கையைத் தூக்கலாம். நடுவர் வந்து அப்போதே கடிகாரம் வைப்பார். சுற்றில் மிச்சம் இருக்கிற நேரத்தை ரெண்டாகப் பிரிக்கும்போது மெதுவாக ஆடியவருக்கு ஐந்து நிமிஷம் குறைவு. அவ்வளவுதான் தண்டனை. எச்சரிக்கை, மூணாம் தடவை தோல்வி எதுவும் இல்லை. நேரம் தீர்ந்தால் மட்டுமே தோல்வி. அப்போதும் எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் மிச்சம் இருந்தால் டிரா. வெறும் ராஜாவால் யாரையும் மேட் செய்ய முடியாது இல்லையா?

திங்கட்கிழமை புதுக் கடிதம் வந்தது. அதே பச்சை மை.

போட்டி அன்றைக்கு முதல் சுற்றில் நாற்பதாவது நிமிஷம் ஏழு போர்டுகள்தான் மிச்சம். கடிகாரம் போதும். நாலாவது சுற்றில்தான் எங்கள் மூணாம் போர்டு மாட்டினான். இருபத்தைந்தாவது நிமிஷம் எதிராளி கையைத் தூக்கினான். நடுவர் வந்து கணக்குப் போட்டார். மிச்சம் முப்பத்தைந்து நிமிஷம். எதிராளிக்கு இருபது, இவனுக்குப் பதினைந்து. இவன் ஒரு வார்த்தை பேசவில்லை, தலையை ஆட்டிவிட்டு போர்டைப் பார்த்தான்.

பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் வேகமாகப் போனது. இவனிடம் ஒரு யானை, போர்டின் நடுவில் ஒரு சிப்பாய். எதிராளியிடம் ஒரு யானை மட்டும். இவன் கடிகாரத்தில் ஒன்பது நிமிஷம். யானைக்கு யானை வெட்டிக்கொள்ள வழி இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் நினைத்தது, முதலில் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளுவான், பிறகு வெட்டுவான் என்று. சிப்பாய் முன்னேறினால் நல்லதுதானே? இவன் அங்கே உட்கார்ந்தான். ஒரு நிமிஷம்... மூணு நிமிஷம்... ஆறு நிமிஷம்! எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவன் என்ன எண்ணிக்கொண்டிருந்தான் என்று பிறகு சொன்னான். யானைகள் போன பிறகு ரெண்டு ராஜாக்களும் நடுவில் வந்து, ஒரு கட்டம் இடைவெளி விட்டு நேருக்கு நேர் நிற்கும். இவன் சிப்பாய் இவன் ராஜாவுக்குப் பின்னால் இருக்கும். அந்த நிலையில் யார் ஆட வேண்டுமோ அவருக்குத்தான் நஷ்டம். எதிராளி ஆட வேண்டும் என்றால் அவன் ராஜா ஒதுங்கியே ஆக வேண்டும். இவன் ராஜா உள்ளே நுழைந்து, சிப்பாயை ராணியாக்கி விடும். இவன் ஆட வேண்டும் என்றால் வழி அடைபட்டு வெறும் டிரா. ரெண்டு ராஜாவும் எத்தனை நகர்த்தலில் அங்கே வந்து சேரும் என்று எண்ணினால், ஒவ்வொரு தடவையும் இவன் முறைதான் வந்தது. ஆறு நிமிஷத்தின் கடைசியில்தான் கண்டுபிடித்தானாம். சிப்பாயை இப்போது தள்ளக் கூடாது. ராஜாவுக்கும் சிப்பாய்க்கும் நடுவே ஒரு கட்டம் காலியாக இருந்தால், நேருக்கு நேர் நிற்கும்போது அந்த ஒரு நகர்த்தலை ஆடி முறையை எதிராளி தலையில் கட்டி விடலாம்.

யானையை வெட்டினான். எதிராளியும் வெட்டினான். ராஜாக்கள் நடந்து வந்து நின்றன. இவன் முறை. சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்திவிட்டு கடிகாரத்தை அழுத்தினான். எதிராளி ரொம்ப நேரம் போர்டைப் பார்த்துவிட்டு ராஜாவை ஒதுக்கினான். சிப்பாய் ராணியானபோது இவன் கடிகாரத்தில் நாற்பது செகண்டு. ஐம்பத்து மூணாவது நிமிஷம் கை கொடுத்தார்கள்.

பழைய கடிதம் அப்படியே இருந்திருந்தால், ரெண்டாவது நிமிஷ முடிவில் எச்சரிக்கை வாங்கியிருப்பான். அந்தப் பயத்தில் சிப்பாயைத் தள்ளியிருப்பான், அரை பாயின்டோடு எழுந்திருப்பான். சுற்று அதனால் ஒரு நிமிஷம் கூட சீக்கிரம் முடிந்திருக்காது. ஏனென்றால் அந்தச் சுற்றில் கடைசியாக முடிந்தது இவன் போர்டு இல்லை. ரெண்டு பேர் ஐந்தாம் போர்டில் சரியாக அறுபதாவது நிமிஷம் வரை அடித்துக்கொண்டார்கள்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். கையைத் தூக்குகிற விஷயத்தில் குழப்பம் இருந்தது. ஒரு பையன் எதிராளி ரெண்டு நிமிஷம் யோசித்தாலே கையைத் தூக்கித் தூக்கி இறக்கி, அவன் கவனத்தைக் கலைத்தான். நடுவர் மூணாவது தடவை வந்து அவனையே கண்டித்தார். சாவி கொடுத்தால் நிற்கிற அந்த ஒன்பதாவது கடிகாரத்தை யாரோ ஐந்தாவது சுற்றில் எடுத்து வைத்து விட்டார்கள். வெள்ளைக்காரனின் பக்கம்... அதாவது வெள்ளைக் காய் ஆடுகிறவன் பக்கம்... ஓடவே இல்லை. நாலு நிமிஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். நடுவர் போர்டைக் கலைக்காமல், வேறு கடிகாரம் கொண்டு வந்து, நாலு நிமிஷத்தைக் கழித்து வைத்தார். அதற்கு அவன் கொஞ்சம் முணுமுணுத்தான்.

நாலேகாலுக்குக் கடைசி ஆட்டம் முடிந்தது. பரிசளிப்பு நடக்கும்போதே நாடக ரிகர்சல்காரர்கள் வாசலில் வந்து நின்று விட்டார்கள். இயக்குநர் ஒரு ஓரமாக உட்கார்ந்து, எட்டுக் கடிகாரங்களையும் பழைய டவலில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்பதாவதை எங்கள் மூணாம் போர்டிடம் கொடுத்து, "உங்க ஊருல வாட்ச் ரிப்பேர்காரர் யாராச்சும் இருந்தா காட்டிப் பாருப்பா" என்றார்.